கீமோவுக்கு முன் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்: நுரையீரல் புற்றுநோயில் ஜீன் டெஸ்டும் மாத்திரையும்

*"நாங்கள் கேரளாவில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை. அம்மாவுக்கு 57 வயது. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. இருமலுக்கு டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், இரண்டாவது மாதம் ஓடுகிறது. மூச்சு வாங்கியதால் கோயம்புத்தூர் கூட்டிப் போனோம். நெஞ்சிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் நீர் எடுத்தார்கள். அதில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்று வந்திருக்கிறது. இப்போது மூச்சு பரவாயில்லை, நடமாடுகிறார். ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை கீமோ வேண்டாம் என்கிறார் டாக்டர். 'கேன்சரை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சும்மா இருப்பதா' என்று சித்தப்பா கோபப்படுகிறார். அந்த டெஸ்டில் அப்படி என்ன தெரியும்? கீமோ இல்லாமல் மாத்திரையிலேயே சரியாகுமா? பிள்ளைகளான எங்களுக்கும் இது வருமா?"*

டாக்டர் சொன்னபடி காத்திருங்கள். அம்மா நடமாடுகிறார், மூச்சு பரவாயில்லை என்கிறீர்கள். அந்த நிலையில் ரிப்போர்ட்டுக்காகப் போகும் இரண்டு வாரம் வீண் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்: அம்மா டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் திசுநோயியல் மருத்துவர். மருந்து எழுதும் ஆள் இல்லை. ஆனால் மருந்து எழுதுமுன் உங்கள் டாக்டர் படிக்கிற ரிப்போர்ட் எங்களைப் போன்றவர்களின் மேசையிலிருந்துதான் போகிறது. அதனால் அந்த ரிப்போர்ட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். வீட்டில் யாருமே அதைச் சரியாகப் படிப்பதில்லை. "பாசிட்டிவா, நெகட்டிவா" என்று கேட்டுவிட்டு மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள்.

முதலில், அந்த டெஸ்டில் எதைத் தேடுகிறோம்? நம் செல்களின் மேற்பரப்பில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து "வளரு" என்று ஒரு சமிக்ஞை வந்து தொட்டால், அது செல்லின் உள்ளே அந்தச் செய்தியைக் கடத்தும். சமிக்ஞை நின்றால் அதுவும் அடங்கிவிடும். சிலருடைய நுரையீரல் செல்லில், இந்தப் புரதத்தை எழுதும் ஜீனில் ஒரு சின்னப் பிழை நேர்கிறது. அப்புறம் யாரும் தொடாமலே அது செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். வாசலில் காலிங் பெல் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டு ஓயாமல் அடிப்பது மாதிரி. செல் பெருகிக்கொண்டே போகிறது. கெஃபிட்டினிப், எர்லோட்டினிப், ஒசிமெர்ட்டினிப் போன்ற மாத்திரைகள் அந்தப் புரதத்தின் உள்பகுதியில், அது இயங்கத் தேவையான ஆற்றல் மூலக்கூறு வந்து உட்காரும் பள்ளத்தில், தாங்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். செய்தி நின்றுவிடும். அந்தச் செய்தியை நம்பியே வாழ்ந்த புற்றுநோய் செல்கள் சாகத் தொடங்கும்.

கீமோ இப்படி ஆள் பார்த்துப் போவதில்லை. வேகமாகப் பெருகுகிற செல் எதுவானாலும் தாக்கும். அதனால்தான் முடி, குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அடி வாங்குகின்றன.

சரி, அப்படியானால் எல்லோருக்கும் மாத்திரையையே கொடுத்துவிடலாமே, டெஸ்ட் எதற்கு? இந்தக் கேள்விக்கு 2009-இல் வெளிவந்த ஐபாஸ் என்ற ஆய்வு தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. கிழக்கு ஆசிய நாடுகளில் உங்கள் அம்மாவைப் போலவே அடினோகார்சினோமா வந்தவர்கள்; புகை பிடிக்காதவர்கள், அல்லது முன்பு கொஞ்சம் பிடித்து விட்டவர்கள். பாதிப் பேருக்கு கெஃபிட்டினிப் மாத்திரை, பாதிப் பேருக்கு கீமோ. ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை இருந்தவர்களில் மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 71 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது; கீமோவில் 47 பேருக்கு. பிழை இல்லாதவர்களிடம் கதை தலைகீழ். மாத்திரையில் 100-க்கு ஒருவருக்குத்தான் சுருங்கியது, கீமோவில் 23 பேருக்கு. அவர்களுக்கு மாத்திரை கொடுத்தபோது சராசரியாக ஒன்றரை மாதத்திலேயே நோய் மீண்டும் வளர்ந்தது.

வெளித்தோற்றத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். அதே வகைக் கட்டி, அதே மாதிரி ஆட்கள். உள்ளே ஒரு ஜீன் மட்டும் வேறு. புகை பிடிக்காத பெண்தானே, பிழை கண்டிப்பாக இருக்கும் என்று ஊகித்து மாத்திரையைத் தொடங்குவதும் தப்பு, டெஸ்ட் இல்லாமல் கீமோவைத் தொடங்குவதும் நஷ்டம். நம் நாட்டில் நுரையீரல் அடினோகார்சினோமா வந்தவர்களில் சுமாராக நான்கில் ஒருவருக்கு இந்தப் பிழை இருக்கிறது. புகை பிடிக்காத பெண்களிடம் வாய்ப்பு அதைவிட அதிகம்.

சித்தப்பாவின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லோராலும் காத்திருக்க முடியாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறுகிறது, முகம் வீங்குகிறது, நீர் எடுத்த சில நாளிலேயே மறுபடி நிரம்புகிறது என்றால் ரிப்போர்ட் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு சுற்று கீமோ கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் மாத்திரைக்கு மாற்றுவார்கள். அதில் தவறில்லை. அப்படி அவசரமாகத் தொடங்கினால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்போது கீமோவோடு சேர்த்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி ஊசி போடும் வழக்கம் பரவலாகியிருக்கிறது. ஜீன் ரிப்போர்ட் வருமுன் அந்த ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை தெரிந்து ஒசிமெர்ட்டினிப் தொடங்கினால், நுரையீரலிலேயே கடுமையான அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. ஊசியின் தாக்கம் உடம்பில் மாதக்கணக்கில் நிற்கும். இத்தனைக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை உள்ள கட்டிகளில் அந்த ஊசி பெரிதாக வேலை செய்வதும் இல்லை. பணமும் போய், மாத்திரைக்கான வழியிலும் முள்.

இனி லேபுக்கு வருகிறேன். உங்கள் அம்மாவிடமிருந்து எடுத்தது நீர். ஒரு லிட்டர் என்றால் நிறைய என்று தோன்றும். ஆனால் எங்களுக்குத் தேவை அதில் மிதக்கும் செல்கள்தான். நீரை வேகமாகச் சுழற்றி, அடியில் படியும் வண்டலை எடுத்து, ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக்குவோம். அதற்கு செல் பிளாக் என்று பெயர். ஊசி போட்டுத் திசு எடுத்திருந்தாலும் கடைசியில் இதே மாதிரி ஒரு பிளாக்தான் வரும். அதிலிருந்து மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான கனத்தில் சீவல்கள் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். புற்றுநோய்தானா, எந்த வகை, நுரையீரலில்தான் தொடங்கியதா என்று பார்க்கும் சாயங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீவல் செலவாகும். மிச்சமிருப்பதில்தான் ஜீன் டெஸ்ட். அனுபவமுள்ள லேபில், முதலில் தேவையான இரண்டு மூன்று சாயங்களோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பத்திரப்படுத்துவார்கள். ஆசைக்குப் பத்து சாயம் போட்டுப் பார்த்துவிட்டால், ஜீன் டெஸ்டுக்குத் திசு இல்லாமல் மறுபடியும் நோயாளியின் நெஞ்சில் ஊசி குத்த வேண்டிவரும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நெஞ்சு நீரில் வரும் செல்கள் எல்லாமே புற்றுநோய் செல்கள் இல்லை. நுரையீரல் உறையின் சாதாரண செல்கள், ரத்த வெள்ளை அணுக்கள் எல்லாம் கலந்திருக்கும். 100 செல்லில் 20 மட்டும் புற்றுநோய் செல் என்று வையுங்கள். ஒவ்வொரு செல்லிலும் இந்த ஜீனுக்கு இரண்டு பிரதிகள். பொதுவாக ஒன்றில்தான் பிழை இருக்கும். ஆக மொத்தம் 200 பிரதிகளில் 20-இல் பிழை, அதாவது 10 சதவீதம். இந்தப் பிழையைத் தேட நாங்கள் பயன்படுத்தும் பி.சி.ஆர். கிட்கள் பொதுவாக 1 முதல் 5 சதவீதம் வரை இருந்தால் பிடித்துவிடும். பிரச்சினை இல்லை. அதே நீரில் 100-க்கு 4 செல் மட்டுமே புற்றுநோய் என்றால் பிழை 200-க்கு 4, வெறும் 2 சதவீதம். கிட் பிடித்தாலும் பிடிக்கும், விட்டாலும் விடும். அப்போது ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், பிழை உண்மையிலேயே இல்லையா, இருந்தும் கண்ணில் படவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் ரிப்போர்ட் கையில் வந்ததும் கடைசி வரிக்கு ஓடாதீர்கள். முதலில் மாதிரி எது என்று பாருங்கள்: நீரா, திசுவா, ரத்தமா. அடுத்து புற்றுநோய் செல்களின் சதவீதம் என்ற வரி. நல்ல லேப் அதைக் கட்டாயம் எழுதும். 20-க்கு மேல் இருந்து "கண்டறியப்படவில்லை" என்றால் நம்பலாம். 5, 10 என்று இருந்தால் டாக்டரிடம், "இது போதுமா, வேறு மாதிரி எடுத்துப் பார்க்கணுமா" என்று தயங்காமல் கேளுங்கள். "மாதிரி போதாது" என்று வந்தால் அது நெகட்டிவ் இல்லை. டெஸ்டே நடக்கவில்லை என்று அர்த்தம். இதை நெகட்டிவ் என்று நினைத்து கீமோவுக்குப் போன குடும்பங்கள் உண்டு.

எங்களிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி. எல்லைக்கு அந்தப் பக்கம், உங்கள் பக்கத்து ஊர்தான். தென்னந்தோப்பு விவசாயி, அறுபதைத் தாண்டியவர், பல வருஷம் பீடி குடித்தவர். அவருக்கும் நெஞ்சில் நீர்தான். செல் பிளாக்கில் புற்றுநோய் செல் 5 சதவீதம் போல இருந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். கண்டறியப்படவில்லை என்று ரிப்போர்ட் போனது, கூடவே "செல்கள் குறைவு, வேறு மாதிரி கிடைத்தால் திரும்பப் பார்க்கவும்" என்ற குறிப்போடு. வீட்டில் மேல் வரியை மட்டும் படித்தார்கள். பீடி குடித்தவர் என்பதால் எல்லோருக்கும் அது இயல்பாகவும் பட்டது. நல்லவேளையாக அவருடைய டாக்டர் அடிக்குறிப்பையும் படித்தார். கழுத்தில் ஒரு நிணநீர்க் கணு தட்டுப்பட்டது. அதிலிருந்து திசு எடுத்து அனுப்பினார். அதில் பாதிக்கு மேல் புற்றுநோய் செல். எக்ஸான் 19 டெலீஷன் என்ற ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை பளிச்சென்று வந்தது. அதற்குள் ஒரு கீமோ ஏறியிருந்தது, அப்புறம் மாத்திரைக்கு மாறினார். புகை பிடித்தவருக்கு இந்தப் பிழை வாய்ப்புக் குறைவு என்பது உண்மை. வரவே வராது என்பது உண்மை இல்லை. அடினோகார்சினோமா என்றால் பீடி குடித்தவருக்கும் டெஸ்ட் செய்துவிட வேண்டும்.

எக்ஸான் 19 டெலீஷன் என்றேன். ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்ற சொல்லோடு எந்தப் பிழை என்பதும் எழுதியிருக்கும், அது முக்கியம். எக்ஸான் 19 டெலீஷன், எல்858ஆர் ஆகிய இரண்டும்தான் ஈ.ஜி.எஃப்.ஆர். பிழைகளில் பத்தில் எட்டு, ஒன்பது. மாத்திரைகள் நன்றாகக் கேட்பதும் இந்த இரண்டுக்கும்தான். எக்ஸான் 20 இன்சர்ஷன் என்று வந்தால், அதுவும் ஈ.ஜி.எஃப்.ஆர்.தான், ஆனால் வழக்கமான மாத்திரைகள் பெரும்பாலும் கேட்காது. அந்தப் பள்ளத்தின் வடிவமே மாறி, மாத்திரை உட்கார இடம் குறுகிவிடுகிறது. "ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ்" என்று யாரோ போனில் சொன்னதை வைத்து மருந்து வாங்கப் போகாதீர்கள்.

ஈ.ஜி.எஃப்.ஆர். இல்லை என்று உறுதியானால் அத்தோடு கதவு மூடிவிடாது. ஏ.எல்.கே., ராஸ்1 என்று வேறு ஜீன்கள் இருக்கின்றன. நூற்றுக்கு நான்கைந்து பேர், ஒன்றிரண்டு பேர் என்ற அளவில்தான். ஆனால் அவற்றுக்கும் தனித்தனி மாத்திரைகள் உண்டு, ஏ.எல்.கே.வுக்கான சில மாத்திரைகள் நோயைப் பல வருஷங்கள் அடக்கி வைக்கின்றன. ஏ.எல்.கே.வை ஒரே ஒரு சீவலில் சாயம் போட்டே பார்த்துவிடலாம். உங்களுக்கு இரண்டு வாரம் என்று சொல்லியிருப்பதைப் பார்த்தால், பி.சி.ஆர். மட்டும் செய்யாமல், பல ஜீன்களை ஒரே நேரத்தில் படிக்கும் என்.ஜி.எஸ். முறைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பி.சி.ஆர். மட்டும் என்றால் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். எதற்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செல் பிளாக்கில் செல் போதவில்லை என்றால் ரத்தத்திலேயே பார்க்கும் முறையும் இருக்கிறது. கட்டியிலிருந்து உதிரும் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் தேடுவது அது. அதில் பாசிட்டிவ் வந்தால் நம்பி மருந்து தொடங்கலாம். நெகட்டிவ் வந்தால் நம்பக் கூடாது. பிழை உள்ளவர்களிலேயே கணிசமான பேருக்கு ரத்தத்தில் தெரியாமல் போகும்.

இரண்டாவது கருத்துக்காகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ வேறு எங்கோ போவதாக இருந்தால் ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது. லேபில் எழுதிக் கொடுத்து பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கிப் போங்கள். அங்கே மறுபடி பார்க்க அதுதான் வேண்டும். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் காரின் முன்பக்கத் தட்டில் மட்டும் பிளாக்கை வைத்துவிடாதீர்கள். பாரஃபின் 60 டிகிரி வாக்கில் உருகும். மூடிய காரின் தட்டு அதையும் தாண்டும்.

இப்போது டி.பி. மாத்திரை. இதைத்தான் முதலில் சொன்னேன். நுரையீரல் புற்றுநோயை முதலில் டி.பி. என்று நினைப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. இருமல், எடை குறைவு, நெஞ்சில் நீர், எக்ஸ்-ரேயில் நிழல் எல்லாம் இரண்டுக்கும் பொது; டி.பி.யும் இங்கே அவ்வளவு பரவலாக இருக்கிறது. அது இப்போது வாதம் இல்லை. டி.பி. கூட்டு மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகுமே, அதுதான். அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடும். கெஃபிட்டினிப்போ ஒசிமெர்ட்டினிப்போ அதோடு சேர்த்துச் சாப்பிட்டால், ரத்தத்தில் சேரும் அளவு சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மாத்திரை தினமும் வயிற்றுக்குள் போகும், ஆனால் கட்டிக்குப் போதாது. மூன்று மாதம் கழித்து ஸ்கேனில் வளர்ந்திருந்தால் "மாத்திரை கேட்கவில்லை" என்று எழுதிவிடுவார்கள்.

அதற்காக நீங்களாகவே டி.பி. மாத்திரையை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு டி.பி. கிருமி உண்மையிலேயே சளியிலோ நீரிலோ டெஸ்டில் வந்ததா, அல்லது எக்ஸ்-ரேயைப் பார்த்துத் தொடங்கியதா என்று பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். கிருமி வரவே இல்லை, எல்லாவற்றுக்கும் புற்றுநோயே காரணம் என்று தெளிந்தால் நுரையீரல் டாக்டர் நிறுத்தச் சொல்வார். கிருமி வந்திருந்தால் இரண்டு நோயும் இருக்கிறது. அப்போது மருந்தை மாற்றுவதா, மாத்திரையின் அளவைக் கூட்டுவதா என்று இரண்டு டாக்டரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். நிறுத்தினாலும் ரிஃபாம்பிசினின் தாக்கம் உடனே போகாது, இரண்டு வாரம் போல நிற்கும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்கள் இதற்கும் உதவும்.

இதே மாதிரி இன்னொன்று, கேஸுக்குப் போடும் மாத்திரை. பான்டோப்ரசோல் சாப்பிடாத வீடு இப்போது ஏது! கெஃபிட்டினிப்பும் எர்லோட்டினிப்பும் வயிற்று அமிலத்தில்தான் கரையும். அமிலத்தைக் குறைத்தால் உறிஞ்சப்படுவதும் குறையும். ஒசிமெர்ட்டினிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. கஷாயம், லேகியம் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கெஃபிட்டினிப் கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடியது. நடுவில் ஒரு கஷாயமும் ஓடினால் எதனால் உயர்ந்தது என்று பிரித்தறிய வழி இல்லாமல் நல்ல மாத்திரையை நிறுத்த வேண்டிவரும்.

அம்மாவுக்கு எக்ஸான் 19 டெலீஷன் வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போது டாக்டர் உங்கள் முன் வைக்கும் வழிகள் இரண்டு மூன்று இருக்கும். ஒன்று, ஒசிமெர்ட்டினிப் 80 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஃபிளாரா என்ற ஆய்வில், பழைய மாத்திரையில் நோய் மறுபடி வளராமல் இருந்த காலம் 10 மாதம், ஒசிமெர்ட்டினிப்பில் 19 மாதம். மூளைக்குள்ளும் நன்றாகப் போய்ச் சேரும். இந்த நோய் மூளைக்குப் பரவும் வழக்கம் உள்ளது என்பதால் அது பெரிய விஷயம். விலைதான் இடிக்கும்.

இன்னொரு வழியில் உங்கள் சித்தப்பாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 350 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லோருமே ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை உள்ளவர்கள். ஒரு பாதிக்கு கெஃபிட்டினிப் மட்டும். மறு பாதிக்கு கெஃபிட்டினிப்போடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற கீமோவும். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதம், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 16 மாதம். ஆயுளும் கூடியது. கடுமையான பக்க விளைவுகளும் இரு மடங்காயின, 100-க்கு 25 பேருக்குப் பதில் 51 பேருக்கு. கெஃபிட்டினிப்பை நம் நாட்டுக் கம்பெனிகளே செய்வதால் விலை குறைவு. ஒசிமெர்ட்டினிப்புக்கு வசதிப்படாத குடும்பங்களுக்கு இது உண்மையான மாற்று. பிறகு ஒசிமெர்ட்டினிப்போடு கீமோ சேர்த்தும் ஆய்வு செய்து, அதிலும் காலம் கூடுவதைக் கண்டார்கள். ஆக, மாத்திரையா கீமோவா என்று எதிரெதிராக நிறுத்துவது இப்போது பழைய பேச்சு. பிழை இருக்கிறது என்றால் மாத்திரை கட்டாயம். கீமோவைச் சேர்ப்பதா என்பதை அம்மாவின் உடல்பலம், சிறுநீரகம், நோய் பரவிய அளவு, ஊசிக்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூர் வந்துபோக முடியுமா என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கலாம். நோய் மூளைக்குப் போகாத, நடமாடும் ஐம்பத்தேழு வயதுக்காரர் என்றால் நானாக இருந்தால் இதைப் பற்றி டாக்டரிடம் அவசியம் கேட்பேன்.

மாத்திரை வேலை செய்தால் பலருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே தெரியும். இருமல் குறையும், படி ஏறும்போது மூச்சு முட்டாது. ஸ்கேன் இரண்டு மூன்று மாதத்தில் எடுப்பார்கள். அதே சமயத்தில் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி கொப்புளங்கள், தோல் வறட்சி, வயிற்றுப்போக்கு, நகக்கண் வீக்கம் எல்லாம் வரலாம். இந்தப் புரதம் நம் தோலிலும் குடலிலும் இயல்பாகவே இருப்பதால்தான் இப்படி. ஒவ்வாமை என்று நினைத்து நிறுத்தாதீர்கள்; களிம்பு, மாத்திரை கொடுத்துச் சமாளித்துவிடுவார்கள். நிறுத்த வேண்டிய அறிகுறி வேறு. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் அன்றைக்கு மாத்திரை கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நூற்றில் சிலருக்கு மாத்திரையே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். சளி பிடித்திருக்கிறது என்று மெடிக்கலில் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையிலேயே சரியாகுமா என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். நான்காம் நிலையில் இந்த மாத்திரைகள் நோயை அடக்கி வைக்கின்றன, வேரோடு அழிப்பதில்லை. மேலே சொன்ன 19 மாதம் என்பதன் பொருள், பாதிப் பேருக்கு அதற்குள் நோய் திரும்பியது, பாதிப் பேருக்கு அதற்கு மேலும் அடங்கியிருந்தது என்பது. சிலர் நான்கைந்து வருஷம் அதே மாத்திரையில் வேலைக்குப் போகிறார்கள். சிலருக்கு ஆறு மாதத்தில் திரும்புகிறது. யார் எந்தப் பக்கம் என்று முதல் நாள் ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது.

திரும்பும்போது கட்டி பழைய கட்டியாக இருக்காது. கெஃபிட்டினிப் சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் டி790எம் என்ற புதுப்பிழை சேர்ந்திருக்கும். அதற்கு ஒசிமெர்ட்டினிப் கேட்கும். முதலிலேயே ஒசிமெர்ட்டினிப் சாப்பிட்டவர்களிடம் வேறு வழிகளில் தப்பித்திருக்கும். சிலரிடம் அடினோகார்சினோமா ஸ்மால் செல் என்ற வேறு வகையாகவே மாறியிருக்கும். அதற்கு கீமோவே வேறு. இதெல்லாம் ஸ்கேனில் தெரியாது. அதனால் அப்போது டாக்டர் மறுபடி திசு எடுக்கணும் என்றால், "முன்னேயே எடுத்தாச்சே" என்று மறுக்காதீர்கள்.

செலவைப் பற்றி ஓரிரு வார்த்தை. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் ஒசிமெர்ட்டினிப் உட்பட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரியை எடுத்துவிட்டார்கள். கம்பெனிகள் நோயாளி உதவித் திட்டமும் வைத்திருப்பார்கள். முதல் பெட்டி வாங்குமுன்பே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேளுங்கள், வாங்கிய பிறகு சேர்வது கஷ்டம். உங்களுக்கு ரேஷன் கார்டு கேரளாவில் என்பதால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு ஆகாது. ஆனால் கேரள மெடிக்கல் காலேஜ்களில் உள்ள காருண்யா மருந்தகங்களில் லாபமில்லாத விலைக்குப் புற்றுநோய் மருந்து கொடுக்கும் கவுன்டர் இருக்கிறது. சீட்டு கோயம்புத்தூரிலிருந்து, மருந்து திருச்சூரிலிருந்து என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போவதற்கு முன் போன் செய்து இருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயம். இந்த ஜீன் பிழை அம்மா பிறக்கும்போதே உடன் வந்தது இல்லை. வாழ்நாளில் எப்போதோ ஒரு நுரையீரல் செல்லில் நேர்ந்தது. அந்தக் கட்டியில் மட்டும்தான் இருக்கும், கருமுட்டையில் இருக்காது. அதனால் "ஜீன் டெஸ்ட்" என்ற பெயரைக் கேட்டுப் பயந்து நீங்களும் தங்கையும் ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே விதிவிலக்கு, மாத்திரை எதுவும் தொடங்குமுன் எடுத்த முதல் ரிப்போர்ட்டிலேயே டி790எம் இருந்தால். அது மிக அரிதாகப் பரம்பரையாக வருவது உண்டு. அப்படி வந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசகரைப் பார்க்க டாக்டரே அனுப்புவார்.